வீட்டைப் பிரிக்க வேண்டாம், மதிப்பைப் பிரிப்போம்

தந்தையோ தாயோ உயில் எழுதாமல் மறைந்துவிட்டால், பிள்ளைகளிடையே எழும் பூசல் பெரும்பாலும் "யாருக்கு எவ்வளவு பங்கு?" என்ற கேள்வியில் தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை வைத்திருக்கிறது. விடையில்லாமல் நிற்பவை வேறு கேள்விகள். பெற்றோருடன் இருந்து கவனித்துக்கொண்டவருக்கு என்ன கணக்கு? மாடி கட்டிய செலவு யாருடையது? திருமணத்தில் போட்ட நகையைக் கழிப்பதா? வீட்டில் குடியிருப்பவர் வெளியேற வேண்டுமா? இவற்றை ஒன்றோடொன்று கலந்து, பங்கின் பெயரால் வாதிடுவதால்தான் உடன்பிறந்தோர் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள்.

எங்கள் கருத்து இதுதான்: பங்கைச் சட்டப்படி அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், மற்ற கோரிக்கைகளை ரூபாய்க் கணக்காக மாற்றுங்கள், சொத்தைத் துண்டாக்காமல் அதன் மதிப்பைப் பிரியுங்கள், அனைத்தையும் ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். இதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை தம் சொந்த வருமானத்தில் ஒரு வீடும் ஒரு காலி மனையும் வாங்கியிருந்தார்; வங்கியில் வைப்புத்தொகையும் உண்டு. உயில் எழுதவில்லை. அவர் மறைந்தபோது மனைவி, மூத்த மகன், மகள் ஆகியோர் இருந்தனர். இளைய மகன் தந்தைக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மனைவியும் பத்தொன்பது வயது மகளும் இருக்கின்றனர். மூத்த மகன் பெற்றோருடன் அதே வீட்டில் வசிக்கிறார். மகள் வேறு நகரத்தில் இருக்கிறார்.

முதலில் யார் யார் வாரிசு என்பதை முடிவு செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் தாமே ஈட்டிய சொத்து அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் செல்லும். மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் ஆகியோர் அதில் சமமான பங்கு பெறுவர். முன்பே இறந்த பிள்ளையின் குடும்பத்தினர் அந்தப் பிள்ளைக்கு உரியதாக இருந்திருக்கும் ஒரு பங்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வர். ஆகவே நம் குடும்பத்தில் நான்கு பங்குகள்: தாய்க்கு ஒன்று, மூத்த மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, இளைய மகனின் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து ஒன்று. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் பங்கு குறையாது. மருமகள் தம் பிறந்தகத்துக்குத் திரும்பிவிட்டார் என்பதாலும் குறையாது.

இந்தக் கட்டத்திலேயே பல குடும்பங்கள் தடம் மாறுகின்றன. இளைய மகனின் மனைவியை ஒரு வாரிசாக எண்ணாமல், மற்ற மூவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். பங்குள்ள ஒருவரை விட்டுவிட்டுச் செய்த பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆண்டுகள் கழித்து அவரோ அவருடைய மகளோ வழக்குத் தொடுத்தால், அதுவரை நடந்த அனைத்தையும் மறுபடி பிரிக்க நேரிடும். வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதை மட்டுமே சொல்லும்; யாருக்கு எந்தச் சொத்து என்பதை அது சொல்லாது.

அடுத்ததாக, சொத்துப் பட்டியலும் மதிப்பும். எளிமைக்காக வீட்டின் இன்றைய சந்தை மதிப்பு 80 லட்சம், மனை 36 லட்சம், வைப்புத்தொகை 16 லட்சம் எனக் கொள்வோம். மொத்தம் 132 லட்சம். அரசின் வழிகாட்டி மதிப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது முத்திரைத் தீர்வைக்கு உதவும் எண். இரு சொத்துகளில் ஒன்றில் அது சந்தை விலைக்கு அருகிலும் மற்றொன்றில் வெகு கீழேயும் இருக்கலாம். அதை வைத்துப் பிரித்தால் ஒருவருக்கு அறியாமலேயே நட்டம் வரும். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தி, அவர் தரும் அறிக்கையை அனைவரும் ஏற்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நல்லது.

வைப்புத்தொகைக்கு நியமனதாரராக மூத்த மகனின் பெயர் இருந்தது. ஆகவே அந்தப் பணம் தமக்கே என்று அவர் எண்ணியிருந்தார். வங்கி வாடிக்கையாளர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நியமனதாரரிடம் பணத்தைக் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. நியமனதாரர் அதை அவர்கள் சார்பில் பெற்று வைத்திருப்பவரே. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது. நிறுவனப் பங்குகள் தொடர்பாக 2023-இல் வந்த தீர்ப்பும் அதையே சொன்னது. ஆகவே 16 லட்சமும் பொதுக் கணக்கில் சேர்கிறது.

கோரிக்கைகளை எண்ணாக மாற்றுதல்

இனி மனக்கசப்பு உண்டாகும் பகுதி. தந்தையின் கடைசி மாத மருத்துவச் செலவு 4 லட்சத்தைத் தாம் கட்டியதாக மூத்த மகன் சொல்கிறார். தந்தையின் சம்மதத்துடன் மாடியில் கட்டிய அறைகளும் தம் பணமே என்கிறார். மகளுக்குத் திருமணத்தில் நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்றும் ஒரு குரல் எழுகிறது. தாயைக் கவனித்துக்கொள்பவர் யார் என்ற கேள்வியும் வருகிறது.

பெற்றோர் வாழும் காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை வாரிசுப் பங்கில் கழிக்க வேண்டும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே திருமண நகை மகளின் பங்கைக் குறைக்காது. அதேபோல், பெற்றோரைக் கவனித்த காரணத்தால் ஒரு பிள்ளையின் பங்கு கூடுவதும் இல்லை. இவ்விரண்டையும் பங்கு விவாதத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். மூத்தவரின் செலவுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவமனை ரசீது, கட்டுமானச் செலவுச் சீட்டு ஆகியவை சான்றாக உள்ளன. குடும்பம் உட்கார்ந்து பேசி, மருத்துவச் செலவு 4 லட்சத்தையும், மாடி அறைகளின் இன்றைய மதிப்பாக 8 லட்சத்தையும் ஏற்றுக்கொள்கிறது எனக் கொள்வோம். கட்டும்போது ஆன செலவுக்குப் பதிலாக இன்றைய மதிப்பை எடுப்பது நியாயம். ஏனெனில் வீட்டையும் இன்றைய மதிப்பில்தான் கணக்கிட்டோம்.

132 லட்சத்திலிருந்து இந்த 12 லட்சத்தைக் கழித்தால் 120 லட்சம். நான்கு பங்குகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 30 லட்சம். மூத்த மகனுக்கு 30-உடன் 12 சேர்ந்து 42 லட்சம், தாய்க்கு 30, மகளுக்கு 30, இளையவரின் மனைவிக்கும் மகளுக்கும் தலா 15 வீதம் 30 லட்சம். கூட்டினால் மீண்டும் 132. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிட்ட பிறகே, எது யாருக்கு என்ற பேச்சைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால், "எனக்கு வீடு வேண்டும்" என்ற ஆசை மதிப்பீட்டையும் செலவுக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

இப்போது வீட்டைத் துண்டாக்காமல் பிரிக்க முடிகிறது. தாயும் மூத்த மகனும் வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் உரியது 72 லட்சம். வீட்டின் மதிப்பு 80 லட்சம். ஆகவே மகன் 8 லட்சம் தர வேண்டும். வீட்டில் தாய்க்கு எட்டில் மூன்று பாகம், மகனுக்கு எட்டில் ஐந்து பாகம். மகள் மனையை எடுத்துக்கொள்கிறார். அது 36 லட்சம், அவருக்கு உரியது 30 லட்சம். ஆகவே அவர் 6 லட்சம் தர வேண்டும். இளையவரின் குடும்பத்துக்கு வைப்புத்தொகை 16 லட்சமும், மூத்தவர் தரும் 8 லட்சமும், மகள் தரும் 6 லட்சமும் சேர்ந்து 30 லட்சமாகிறது. தாய் தாம் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கிறார். தந்தை கட்டிய வீடு ஏலத்துக்குப் போகவில்லை.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

இந்த உடன்பாடு நிலைத்து நிற்க ஒரே ஓர் ஆவணம் போதும்: பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அசையாச் சொத்துகளைப் பிரித்துக்கொடுக்கும் பத்திரம் பதிவு செய்யப்பட்டால்தான் அதை உரிமைக்குச் சான்றாகக் காட்ட முடியும். ஏற்கெனவே வாய்மொழியாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காக மட்டும் எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியது உண்மை. ஆயினும் அந்தக் குறிப்பு உண்மையிலேயே முன்பு நடந்ததை எழுதியதா, அல்லது அந்தத் தாளிலேயே பிரிவினை நடந்ததா என்பது பின்னர் வழக்கில் விவாதமாகும். பிற்காலத்தில் வீட்டுக் கடனோ விற்பனையோ தேவைப்படும்போது வங்கி கேட்பது பதிவுப் பத்திரத்தையே. பல மாநிலங்களில் குடும்பத்தினருக்கிடையிலான பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை விற்பனைப் பத்திரத்தைவிடக் குறைவு. மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடுவதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பத்திரத்தில் மூன்று செய்திகள் விடுபடாமல் இருக்க வேண்டும். ஒன்று, யார் யாருக்கு எவ்வளவு பணம் தருகிறார், எந்த வங்கி வழியாக, எந்த நாளில் என்பது. பணம் ரொக்கமாகக் கைமாறக் கூடாது. பதிவு நாளிலேயே வரைவோலையாகத் தருவது சிறந்தது. ஒரு பகுதி பின்னர் தரப்படும் என்றால், கடைசி நாளையும், அதுவரை அந்தத் தொகைக்கு அவருடைய சொத்து ஈடாக இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இரண்டு, மூலப்பத்திரங்கள் யாரிடம் இருக்கும், மற்றவர் கேட்டால் எப்போது காட்ட வேண்டும் என்பது. மூன்று, தந்தையின் பெயரில் ஏதேனும் கடன் பிற்பாடு தெரியவந்தால் அதை எந்த விகிதத்தில் ஏற்பது என்பது. பிரிவினையில் பணம் பெறுவோருக்கு வருமான வரிக் கேள்வி எழக்கூடும் என்பதால், வரைவைப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் காட்டிவிடுவதும் தேவை.

இளையவரின் மகளுக்குப் பத்தொன்பது வயது என்று சொன்னோம். அவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் நிலைமை மாறும். சிறாருக்கு உரிய அசையாச் சொத்தின் பங்கை நீதிமன்ற அனுமதியின்றித் தாயோ தந்தையோ விட்டுக்கொடுத்தால், அக்குழந்தை வளர்ந்த பின் அதை எதிர்க்க முடியும். அத்தகைய குடும்பங்கள் முதலில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். நேரம் சற்றுக் கூடுதலாகும், ஆனால் பத்திரம் உறுதியாகும்.

இந்த ஒரே பத்திரத்துக்கு மாற்றாகப் பரவலாகக் கையாளப்படும் வழி விடுதலைப் பத்திரம். "பட்டா மாற்றுவதற்கு ஒரு கையொப்பம் போதும்" என்று சகோதரியையோ மருமகளையோ பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வார்கள். தமிழ்நாட்டில் பட்டாவும் கர்நாடகத்தில் காத்தாவும் வருவாய் அல்லது வரிப் பதிவேட்டில் பெயரைக் காட்டுபவை. பெயர் மாறியதால் மட்டும் ஒருவருடைய உரிமை போய்விடாது. ஆனால் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டால் உரிமை போய்விடும். பணம் பின்னர் வரும் என்ற வாய்ச்சொல்லை நம்பி, எதையும் பெறாமல் விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரத்தைப் பிற்பாடு மாற்றுவது மிகக் கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். மனமுவந்து விட்டுக்கொடுப்பது ஒருவருடைய உரிமை. அப்படியானால் அதையும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே, எவ்வளவு பங்கு என்பதைக் குறிப்பிட்டு, அவர் முன்கூட்டியே வரைவைப் படித்த பின் செய்யட்டும்.

அடுத்த மறைவையும் எண்ணிப் பாருங்கள்

நம் குடும்பத்தின் கணக்கில் இன்னும் ஒரு பொறி மறைந்திருக்கிறது. வீட்டில் எட்டில் மூன்று பாகம் தாயின் பெயரில் இருக்கிறது. அவரும் உயில் எழுதாமல் மறைந்தால், அந்தப் பாகம் மூத்த மகன், மகள், இளைய மகனின் மகள் ஆகிய மூவருக்கும் சமமாகப் போகும். பெண்ணின் சொத்துக்கு உரிய வாரிசு வரிசையில், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் இருக்கிறார்கள்; மருமகள் இல்லை. மாமனாரின் சொத்தில் பங்கு பெற்ற அதே பெண், மாமியாரின் சொத்தில் பங்கு பெறமாட்டார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குடும்பம் ஒருமுறை தீர்த்துக்கொண்ட பூசல், அதே வீட்டைச் சுற்றி இரண்டாம் முறை எழும்.

ஆகவே பிரிவினைப் பத்திரம் பதிவான அதே வாரத்தில் தாய் தம் உயிலையும் எழுதிவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவோம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. அதைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதியவர் கையொப்பமிடுவதை நேரில் கண்ட இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பயன் பெறுவோர் சாட்சியாக இராமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. மூத்த மகன் தம்மைக் கவனித்துக்கொள்கிறார் என்பதற்காகத் தாய் தம் பாகத்தை அவருக்கே எழுதலாம். மகளுக்கும் பேத்திக்கும் ஒரு தொகை தரச் சொல்லலாம். சட்டத்தின் பங்குக் கணக்கு மதிக்காத பராமரிப்பை மதிக்க உரிய இடம் அதுவே.

பிற சூழல்கள்

மேற்சொன்ன கணக்கு தந்தை தாமே ஈட்டிய சொத்துக்கு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தானால் பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் திருத்தம் மகளையும் மகனுக்கு நிகரான பங்குதாரராக்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்டில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்த பிரிவினைகளை அது தொடவில்லை. கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, எஞ்சியது மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் செல்லும். இசுலாமியச் சட்டத்தில், மனைவிக்கு எட்டில் ஒன்று போன்ற நிலையான பங்குகளைக் கொடுத்த பின், மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு வரும். பங்கு எண் மாறினாலும், செலவை எண்ணாக்கி, மதிப்பைப் பிரித்து, பதிவு செய்யும் முறை மாறாது.

உடன்பாட்டுக்கு ஒருவர் வரவே மறுத்தால் என்ன செய்வது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாக மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வரும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதுவும் பலிக்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. அது இரு கட்டமாக நடக்கும்: முதலில் பங்கைச் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு ஆணையர் நேரில் பார்த்துப் பிரித்து, அதன்பேரில் இறுதித் தீர்ப்பாணை. ஒவ்வொரு கட்டத்திலும் மேல்முறையீடு இருக்கலாம். பிரிக்க இயலாத வீடானால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி அதை விற்றுப் பணத்தைப் பகிர நீதிமன்றம் ஆணையிடலாம். முதல் கட்டத்தில் நீதிமன்றம் தருவது, குடும்பம் முதல் நாளிலேயே எழுதியிருக்கக்கூடிய அதே பங்கு எண்தான்.

இதையெல்லாம் இயன்றவரை விரைவில் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று மேசையைச் சுற்றி அமர வேண்டியவர்கள் ஐந்து பேர். இவர்களில் ஒருவர் மறைந்தால், அவருடைய இடத்தில் அவருடைய கணவரோ மனைவியோ பிள்ளைகளோ வந்து அமர்வார்கள். அவர்களில் சிலர் சிறாராக இருப்பார்கள், சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள், யாருக்கும் மாடி கட்டியது யார் என்று தெரிந்திராது. கணக்கை அறிந்தவர்கள் உயிருடன் இருக்கும்போதே அந்தத் தாளில் எண்களை எழுதி, ஐந்து கையொப்பங்களைப் பெற்றுவிட வேண்டும்.